ஒரே எண், மூன்று முறை

உலைக் கூடத்துக்குள் போக இரண்டு கதவுகள். ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் அரை நிமிடத்தில் காது லேசாக அடைத்துக்கொள்ளும். இருபத்தாறு வருடம் அவள் அந்த அரை நிமிடத்தில் நின்றிருக்கிறாள். ஓய்வு பெற்று இவ்வளவு நாளாகியும் எந்த லிஃப்டிலும் கதவு மூடியதும் காது அடைக்கக் காத்திருக்கிறாள். அடைப்பதில்லை.

உள்ளே ஒன்பது மீட்டர் ஆழத் தொட்டி. அடியில் ஒரு சின்ன மேஜை அளவுக்கு எரிபொருள் கட்டு. உலை ஓடும்போது தண்ணீர் நீலமாக ஒளிரும். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கைப்பிடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அந்த நீலத்தையே பார்ப்பார்கள். அவளுக்கு அதில் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை. அவளுடைய இடம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கட்டுப்பாட்டு அறையில். பச்சைப் பலகை, முள் காட்டும் கருவிகள், மெல்ல நகரும் வரைபடத் தாள், ஒரு சின்ன ஒலிபெருக்கி. தொட்டிக்குள் இருக்கும் கருவியில் நியூட்ரான் படும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் ஒரு ‘டிக்’. உலை நின்றிருக்கும் நாட்களில் அது சாரல் ஓட்டில் விழுவதைப் போலிருக்கும். உலையை அடக்கி வைத்திருக்கும் கம்பிகளை வெளியே இழுக்க இழுக்க மழை வலுக்கும்.

அவளுடைய அப்பா சிமெண்ட் கிடங்கில் எடை போடுகிறவர். கல்லூரியில் வேதியியல் இடம் நிரம்பிவிட்டதால் அவள் இயற்பியலில் சேர்ந்தாள். இதைச் சொல்ல அவள் வெட்கப்பட்டதில்லை. பயிற்சிக்குச் சேர்ந்து, இரண்டு வருடம் படித்து, எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் முடித்து, உலையை இயக்கும் லைசன்ஸ் கைக்கு வந்தபோது வயது இருபத்தேழு.

கருவிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருந்தார். சட்டைப் பையில் எப்போதும் நாலு திருப்புளி இருப்பதால் அவருக்கு ‘ஸ்க்ரூ’ என்று பெயர். அவள் முதன்முதலாக உலையை இயக்குகிறவரின் நாற்காலியில் உட்கார்ந்த அன்று அவர் எட்டிப் பார்த்தார்.

“மேடம், எங்க வீட்டுல ஸ்கூட்டர் சாவியையே குடுக்க மாட்டேன். இங்க என்னடான்னா உலையையே குடுத்துட்டாங்க.”

“ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது எனக்கு. இதுதான் தெரியும்.”

“அப்ப சரி” என்று போய்விட்டார்.

கல்யாணமான புதிதில் கணவருக்கு அவள் வேலை விளங்கவில்லை. அவர் தொழிற்பள்ளியில் கடைசல் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். எதையும் கையில் எடுத்துப் பார்த்தால்தான் நம்புவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கேரம் பலகை முன்னால் உட்கார்ந்து கேட்டார்.

“தண்ணி எதுக்கு? சூடு தணிக்கவா?”

“அதுக்கும்தான். ஆனா முக்கியமா வேகத்தைக் குறைக்க. யுரேனியம் பிளந்து வர்ற நியூட்ரான் தலைதெறிக்க ஓடும். அந்த வேகத்துல போனா அடுத்த யுரேனியத்தைத் தாண்டிப் போயிடுது, பெரும்பாலும் பிளக்கிறதில்ல. மெதுவா போனாத்தான் பிடிபடும்.”

“தண்ணி எப்படிக் குறைக்கும்?”

அவள் ஒரு காயை வைத்து, இன்னொரு காயால் நேராக அடித்தாள். அடித்த காய் நின்றது, நின்ற காய் ஓடியது.

“சம எடைன்னா ஒரே மோதல்ல வேகம் பூராவும் கைமாறிடும். தண்ணியில இருக்கிற ஹைட்ரஜன் ஏறக்குறைய நியூட்ரான் எடைதான். பலகையோட சட்டத்துல மோதினா வேகம் குறையாம திரும்பி வருதில்ல, கனமான அணுல மோதினா அந்த மாதிரி.”

“அப்ப தண்ணி பிரேக்கு.”

“இல்லங்க. தண்ணி இல்லன்னாத்தான் நின்னுபோகும். மெதுவாக்கறதாலதான் எரியவே செய்யுது. பிரேக்கு கம்பிங்க. அதுல போரான் இருக்கு. நியூட்ரானை விழுங்கிடும்.”

அவர் காயைக் கையில் எடுத்து, வைத்து, ஒருமுறை தானும் அடித்துப் பார்த்தார். பிறகு அவள் ‘கே’யைச் சொன்னாள். ஒரு பிளவில் இரண்டு மூன்று நியூட்ரான் பிறக்கும். சிலது வெளியே ஓடிவிடும். சிலதைக் கம்பி விழுங்கும். சிலது வீணாகும். மிச்சத்தில் சரியாக ஒன்று அடுத்த பிளவை உண்டாக்க வேண்டும். அந்த ஒன்றுதான் கே. ஒன்றுக்குக் கீழே போனால் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்து அணைந்துவிடும். மேலே போனால் பெருகும். கொஞ்சம் மேலே என்றால் மெதுவாகப் பெருகும். அப்படித்தான் சக்தியை ஏற்றுவார்கள். ஏற்றி முடித்ததும் மறுபடி ஒன்றுக்கு வந்துவிட வேண்டும்.

“கொஞ்சம்னா எவ்வளவு?”

“ஆயிரத்துல ஒண்ணு, ரெண்டு. நூறு நியூட்ரான்ல ஒண்ணுகூடக் கிடையாது, முக்கால்தான் வரும், அதுங்க மட்டும் பிளவு நடந்து சில விநாடி கழிச்சுத் தாமதமா பிறக்கும். அந்தத் தாமதத்தாலதான் மனுஷனால உலையை ஓட்ட முடியுது. கே அந்த முக்காலைத் தாண்டி மேல போயிட்டா கைக்கு நிக்காது.”

“நூத்துல முக்கால் சோம்பேறிதான் ஊரைக் காப்பாத்துது” என்றார் கணவர். அன்றிலிருந்து வீட்டில் யார் தாமதமாக எழுந்தாலும் ‘முக்கால் சோம்பேறி’ என்ற பெயர்தான்.

அவர்களுக்கு ஒரே மகள். கட்டுப்பாட்டு அறையில் கூட வேலை பார்த்த வரைபடக்காரன் அதைக்கூட விடவில்லை. காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் அவனுக்கு ‘பென்சில்’ என்று பெயர்.

“அக்கா, ரெண்டு பேருக்கு ஒண்ணுன்னா உங்க வீட்டுல கே அரைதான். நாலு தலைமுறையில குடும்பம் அணைஞ்சிரும்.”

“உன் வீட்டுல?”

“எனக்குக் கல்யாணமே ஆகல. பூஜ்யம்.”

உலை தொடங்கும் நாட்களில் அவனும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவார்கள். முறை இதுதான். கம்பியைக் கொஞ்சம் வெளியே இழுக்க வேண்டும். டிக் ஒலி கூடும், பிறகு ஒரு மட்டத்தில் நிற்கும். நின்ற பிறகு ஒரு நிமிடம் எண்ணி, விநாடிக்கு இத்தனை என்று சொல்வாள். தொடக்க எண்ணை அதனால் வகுத்துப் பென்சில் ஒரு புள்ளி வைப்பான். எண் பெருகப் பெருகப் புள்ளி கீழே இறங்கும். புள்ளிகளைச் சேர்த்துக் கோட்டை நீட்டினால் அது பூஜ்யத்தைத் தொடும் இடத்தில் கே ஒன்று. அடுத்த இழுப்பு, அந்த இடத்துக்கு மீதமுள்ள தூரத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது.

அதில் ஒரு சங்கடம் உண்டு. ஒன்றை நெருங்க நெருங்க எண் மட்டத்துக்கு வர ஆகும் நேரமும் நீளும். முதல் இழுப்பில் அரை நிமிடம் போதும். கடைசிக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம், ஏழு நிமிடம். அதனால் விதிப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது: அடுத்தடுத்து மூன்று முறை எண்ணி, மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான் பதிவேட்டில் எழுத வேண்டும்.

லைசன்ஸ் வாங்கி ஒன்பதாவது வருடம். வருடாந்திர நிறுத்தம் முடிந்து உலையைத் தொடங்கும் நாள். பழைய எரிபொருள் கட்டுகளில் மூன்றை எடுத்துவிட்டுப் புதியவை வைத்திருந்தார்கள். கம்பி ஐம்பத்தெட்டு விழுக்காடு வெளியே வந்தால் கே ஒன்றைத் தொடும் என்பது கணக்குப் பிரிவின் கணிப்பு. மருத்துவமனைகளுக்குக் கதிர்மருந்தாக மாற வேண்டிய மாதிரிகள் தொட்டியில் இறங்கக் காத்திருந்தன. காலையிலிருந்து அறைத் தொலைபேசி மூன்று தடவை அடித்துவிட்டது.

மூன்றாவது தடவை எடுத்துவிட்டு வந்த ஷிஃப்ட் இன்சார்ஜ் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நல்ல மனிதர். யாரையும் அதட்டியதில்லை.

“ஏம்மா, எங்க இருக்கோம்?”

“நாப்பத்தெட்டுக்கு வந்தாச்சு சார்.”

“பதினோரு நோயாளி லிஸ்ட்ல இருக்காங்களாம். மறுபடி கேக்கறாங்க.”

நாற்பத்திரண்டில் எண் தொண்ணூறு. நாற்பத்தெட்டில் சட்டென்று ஏறி நூற்று முப்பத்தெட்டு, நூற்று நாற்பது. அதோடு மட்டம் வந்துவிட்டது போலத்தான் இருந்தது. பழைய எரிபொருளோடு இதே இடத்தில் அவள் எத்தனையோ முறை நின்றிருக்கிறாள். ஒரு நிமிடத்தில் நின்றுவிடும். கைக்குத் தெரியும் என்று நினைத்தாள். ஒரே ஒரு தடவை எண்ணினாள்.

“நூத்தி நாப்பது” என்றாள். பதிவேட்டில் ‘நூற்று நாற்பது, நிலை’ என்று எழுதினாள்.

பென்சில் புள்ளி வைத்துக் கோட்டை நீட்டினான். “ஐம்பத்தொன்பது வருதுக்கா.”

“கணக்குல ஐம்பத்தெட்டு. கிராஃபும் அதையே சொல்லுது” என்றார் இன்சார்ஜ். எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. இரண்டு பொய்கள் ஒத்துப்போனால் உண்மையைவிடத் தெளிவாகத் தெரியும் என்று பிறகு ஒருநாள் அவள் சொன்னாள்.

நாற்பத்தெட்டிலிருந்து ஐம்பத்தொன்பதுக்குப் பதினொன்று, அதில் பாதி ஐந்தரை. விதிப்படிதான். கம்பியை ஐம்பத்து மூன்றரைக்குக் கொண்டுபோனாள்.

ஒலி கூடியது. கூடி நிற்க வேண்டும். நிற்கவில்லை. வரைபடத் தாளில் முள் மேலே வளைந்தது. எண் சுமார் மூன்று மடங்காக எத்தனை விநாடி ஆகும் என்று காட்டும் கருவி நாற்பதுக்கு இறங்கியது. முப்பதில் மணி அடித்தது. பத்துக்கு வந்தால் உலை தானே நின்றுவிடும். அதுவரை அவள் காத்திருக்கவில்லை. பதினெட்டில் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். கம்பிகளைப் பிடித்திருந்த காந்தங்கள் விட்டன. கம்பிகள் தங்கள் எடையிலேயே விழுந்தன. அதற்கு அரை விநாடிதான்.

டிக் ஒலி தேய்ந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தொட்டித் தண்ணீர் ஒரு பாகைகூடச் சூடாகவில்லை. பென்சில் எழுதுவதை நிறுத்திவிட்டு அவள் கையைப் பார்த்தான். அது இன்னும் பொத்தான் மேலேயே இருந்தது.

மதியம் இன்சார்ஜ் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“உக்காரும்மா. விசாரணை வரும். நீ எழுதினது ‘நிலை’. தாள்ல பார்த்தா எண் ஏறிக்கிட்டே இருக்கு. உன் லைசன்ஸ் போயிடும்.”

“தெரியும் சார்.”

“முந்தாநாள்தான் ஸ்க்ரூ அந்தக் கருவியைக் கழட்டி மாட்டினார். கேபிள் லூசா இருந்துச்சுன்னா எண் கம்மியா காட்டும். யாரும் தப்பு சொல்ல முடியாது. அவருக்கு ஒரு மெமோ வரும், அவ்வளவுதான். அவருக்கென்ன, லைசன்ஸா இருக்கு, போறதுக்கு.”

“அவர்கிட்ட கேட்டீங்களா?”

“கேட்டேன். மேடத்துக்காகன்னா சரின்னுட்டார்.”

அதுதான் அவளை அசைத்தது. நாளைக் காலை சொல்கிறேன் என்று எழுந்து வந்தாள்.

வீட்டில் கணவர் மகளின் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் கத்தரியைக் கீழே வைக்கவில்லை.

“அந்த நாற்காலி இல்லாம இருந்துடுவியா?”

“மாட்டேன்.”

“அப்ப கேபிள்னே சொல்லிடு. ஸ்க்ரூ ஒத்துக்கிட்டாரில்ல.”

“ஸ்க்ரூகூட இருக்கட்டுங்க. கேபிள்னு சொன்னா கருவிதான் பொய். கணக்கு நிஜம்னு ஆயிடும். புது எரிபொருளுக்கு ஐம்பத்தெட்டுன்னே புத்தகத்துல இருக்கும். நிஜத்துல அது ஐம்பத்திரண்டுல தொடுது. அடுத்த தடவை வேற யாராவது உக்காருவாங்க. அவங்க ஐம்பத்தெட்டை நம்பி இழுப்பாங்க. நான் பதினெட்டுல அழுத்தினேன். அவங்க?”

“தானா நிக்கும்னியே.”

“நிக்கும். அதுக்காகப் பொய்யான எண்ணை எழுதி வச்சுட்டு வரலாமா?”

கணவர் அட்டையின் மூலையை மடித்து ஒட்டினார். “அப்ப உனக்கு முடிவு தெரியும். எங்கிட்ட ஏன் கேக்கற?”

“கேக்கல. சொன்னேன்.”

அன்று இரவு அவர் சமைத்தார். சாதம் குழைந்துவிட்டது.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். இன்சார்ஜும் பென்சிலும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். நீள மேஜைமேல் வரைபடத் தாளை விரித்து, பறக்காமலிருக்க இரண்டு பக்கமும் தண்ணீர் டம்ளர் வைத்திருந்தார்கள். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

“கேபிள் பத்தி ஏதோ சொல்றாங்களே.”

“கேபிள் சரியா இருந்துச்சு சார். ஸ்கேல் இருக்கா?”

ஒருவர் எடுத்துக் கொடுத்தார். பென்சிலைப் பென்சிலிடமிருந்தே வாங்கினாள். நாற்பத்தெட்டில் கம்பி நின்ற இடத்தைக் குறித்தாள். சட்டென்று ஏறிய பகுதி, பிறகு வளைந்து மெல்ல ஏறும் பகுதி. அவள் கம்பியை மறுபடி இழுத்த இடத்தில் கோடு முறிந்திருந்தது. அந்த முறிவிலிருந்து, இழுக்காமல் இருந்திருந்தால் எண் எப்படிப் போயிருக்கும் என்று கையாலேயே வளைவை வரைந்தாள். அது ஐந்தாறு நிமிடத்தில் இருநூறில் போய்ப் படுத்தது.

“நான் எழுதினது நூத்தி நாப்பது. நிஜ எண் இருநூறு. காத்திருக்கல.” இருநூறுக்குரிய புள்ளியை வரைபடத்தில் வைத்து, கோட்டைக் கீழே நீட்டினாள். அது ஐம்பத்து மூன்றைத் தொட்டது. “இதுக்கும் பாதிதான் போயிருக்கணும். ஐம்பதரை. அங்க இன்னொரு புள்ளி வச்சிருந்தா ஐம்பத்திரண்டு வந்திருக்கும். கணக்கு தப்பு சார். புது எரிபொருளுக்கு வலு கூட. மாத்திடுங்க.”

“யாராவது அவசரப்படுத்தினாங்களா?”

இன்சார்ஜ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தொலைபேசி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஆனா எழுதினது நான்.”

தலைவர் தாளைச் சுருட்டினார். சுருட்டும்போது, “வளைவு நல்லா வரையறீங்க” என்றார்.

பதினான்கு மாதங்களுக்கு லைசன்ஸ் நிறுத்தப்பட்டது. பிறகு தேர்வை மறுபடி எழுத வேண்டும். இன்சார்ஜைப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றினார்கள். உலை தொடங்கும் நாட்களில் கட்டுப்பாட்டு அறைத் தொலைபேசி வெளி வராந்தாவுக்குப் போனது. மூன்று எண்களை உலையை இயக்குகிறவர் மட்டுமில்லாமல் வரைபடக்காரனும் தனியே பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி வந்தது. கணக்குப் பிரிவு ஐம்பத்தெட்டை அடித்துவிட்டு ஐம்பத்திரண்டு என்று எழுதியது.

அவளை பேட்ஜ் அறையில் போட்டார்கள். வேலைக்கு வருகிறவர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் கதிர்வீச்சு அளவுப் பட்டைகளைக் கொடுத்து வாங்கும் ஜன்னல். அந்த ஜன்னலைத் தாண்டித்தான் எல்லோரும் உலைக்குப் போக வேண்டும். ஸ்க்ரூ தினமும் அங்கே நின்று ஏதாவது பேசிவிட்டுப் போவார்.

“மேடம், எனக்கு வர வேண்டிய மெமோவை நீங்க வாங்கிட்டீங்க. சர்வீஸ்ல ஒரு மெமோகூட இல்லாம ரிட்டையர் ஆகப்போறேன். அசிங்கமா இருக்கு.”

“ஒண்ணு வாங்கித் தரட்டுமா?”

“வேணாம், வேணாம்.”

இன்சார்ஜ் பட்டையை வாங்கும்போது தலையை மட்டும் அசைப்பார். பேச்சு இல்லை. அவளுக்கு அது நாற்காலி போனதைவிட அதிகமாக உறுத்தியது. ஆனால் அந்தப் பதினான்கு மாதத்தைப் பற்றி இப்போது கேட்டால், ஜன்னலுக்கு எதிரே இருந்த வேப்பமரத்தில் காலை பத்து மணிக்கு வெயில் விழும் என்பதைத்தான் முதலில் சொல்கிறாள். கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே பார்த்த ஜன்னல் கிடையாது. அங்கே ஒன்பது வருடம் அவள் காலை வெயிலைப் பார்த்ததே இல்லை.

வாய்மொழித் தேர்வில் பழைய தலைவரே உட்கார்ந்திருந்தார். ஒரே கேள்விதான் கேட்டார்.

“எண் மட்டத்துக்கு வந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்?”

“தெரியாது சார். மறுபடி எண்ணணும்.”

அவள் நாற்காலிக்குத் திரும்பிய முதல் தொடக்கத்துக்குப் பென்சில்தான் பக்கத்தில். அவனுக்கு அதற்குள் கல்யாணமாகி இரட்டைப் பிள்ளைகள் பிறந்திருந்தன. “கே ஒண்ணுக்கா” என்று உட்காரும் முன்பே சொல்லிவிட்டான்.

நாற்பத்தெட்டில் நிறுத்தினாள். ஒரு நிமிடம். இரண்டு. எண்ணினாள், மறுபடி எண்ணினாள். எண் ஏறிக்கொண்டே இருந்தது. புது இன்சார்ஜ் இளைஞர். செருப்பைத் தரையில் தேய்த்தார்.

“மேடம், போதும்ல?”

“இருங்க.”

ஐந்தாவது நிமிடம் பென்சில் கொட்டாவி விட்டான். ஏழாவது நிமிடம் மூன்று எண்களும் ஒத்துவந்தன. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஐம்பதில் மறுபடி அதே. ஐம்பத்தொன்றிலும் ஐம்பத்தொன்றரையிலும் மறுபடி. ஐம்பத்திரண்டைத் தொட்டுச் சற்று ஏற்றி, பிறகு கம்பியை இம்மியளவு உள்ளே தள்ளினாள். தொடக்கத்துக்காக வைத்திருந்த சின்ன நியூட்ரான் மூலத்தை வெளியே எடுத்தார்கள். இனி வெளியிலிருந்து ஒரு நியூட்ரானும் வராது. உள்ளே பிறந்ததுதான் உள்ளே பிறப்பதைத் தாங்க வேண்டும்.

வரைபடத் தாளில் முள் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. நேர்கோடு.

அவள் பதிவேட்டை இழுத்து எழுதத் தொடங்கினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்பது போலிருந்தது. பழைய இன்சார்ஜ். பயிற்சிக்கு வந்தவர்களைத் தொட்டியைப் பார்க்க அழைத்து வந்திருந்தார். அவர்கள் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் கழுத்தை நீட்டி, கண்ணாடி வழியாக அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினார்.

அவள் தலையசைத்தாள். “ஆமா சார், மூணு” என்றும் சொன்னாள். கண்ணாடி தடிமன். அவருக்குக் கேட்டிருக்காது.